ஒரு ஜோடி கொலுசு, 62 கிராம்

சேலம் சிவதாபுரம் பக்கம் காலை நேரத்தில் தெருவில் நடந்தால், வீட்டுத் திண்ணைகளில் கொலுசு வேலை நடப்பதைப் பார்க்கலாம். கம்பி இழுப்பது ஓரிடம், வளையம் கோத்துப் பற்றவைப்பது இன்னோரிடம், மெருகு போடுவது மூன்றாவது இடம். ஒரு ஜோடி முடிவதற்குள் பல கைகள் மாறியிருக்கும். செவ்வாய்ப்பேட்டை கடைகளுக்கும் அங்கிருந்து வெளியூர்களுக்கும் போய்க்கொண்டிருந்த இந்தக் கொலுசுகளில் ஒரு பகுதி, இப்போது வீட்டிலிருந்தே செல்போன் வழியாக விற்பனையாகிறது. பட்டறை நடத்தும் குடும்பத்துப் பெண்களே படம் எடுத்து, நாலு வரி எழுதி, ஆன்லைனில் போடுகிறார்கள்.

அந்த நாலு வரியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. விளக்கத்துக்காக ஒரு ஜோடிக் கொலுசையும், அதை விற்கும் ஒரு பெண்ணையும், அவர் முதலில் எழுதிய வரிகளையும் மாதிரியாக எடுத்துக்கொள்வோம். இப்படி எழுதப்படும் வரிகளைக் கொலுசு தேடிய எல்லோரும் பார்த்திருப்பார்கள்:

“கைவேலைப்பாடு மிக்க சுத்த வெள்ளிக் கொலுசு. 62 கிராம். எல்லாக் காலுக்கும் பொருந்தும். கறுக்காது. விலைக்கு மெசேஜ் பண்ணுங்க.”

கடையில் என்றால் இந்த வரிகளுக்கே வேலையில்லை. வாங்க வந்தவர் கொலுசைக் கையில் வாங்கி எடை உணர்வார், குலுக்கிச் சத்தம் கேட்பார், காலில் போட்டுப் பார்ப்பார், கொக்கியை இரண்டு தடவை மாட்டிக் கழற்றுவார். தராசில் வைக்கச் சொல்லி எண்ணைத் தானே படிப்பார். ஆன்லைனில் இதில் எதையும் செய்ய முடியாது. ஆகவே கை செய்யும் வேலையை எழுத்து செய்ய வேண்டும். மேலே உள்ள ஐந்து வரிகளில் எடையைச் சொல்லும் ஒரு வரிதான் அதற்கு முயல்கிறது, அதுவும் பாதிதான்.

முதலில் அந்த 62 கிராமையே பார்ப்போம். இந்த வரியைப் படித்ததும் வரும் முதல் கேள்வி இதுதான்: “அக்கா, ஒரு காலுக்கு 62 கிராமா, ரெண்டும் சேர்த்தா?” ஜோடிக்கு 62 என்றால் நாள்தோறும் போடும் நடுத்தரக் கொலுசு. ஒற்றைக்கு 62 என்றால் கல்யாணத்துக்குப் போடும் கனமான கொலுசு. இரண்டும் வேறு பொருள். ‘ஜோடி’ என்ற ஒரு சொல் போதும், குழப்பம் தீர்ந்துவிடும். கையால் செய்ததால் இரண்டு கொலுசும் ஒரே எடை இருக்காது. நம் மாதிரியில் ஒன்று 30.850 கிராம், மற்றது 31.150 கிராம். இதை அப்படியே எழுதினால், வாங்கியவர் வீட்டில் ஒன்றை மட்டும் எடை போட்டுப் பார்த்து ஏமாந்துவிட்டோமோ என்று பதறமாட்டார். கல்லோ எனாமலோ இருந்தால் மொத்த எடை, அவை நீங்கலான வெள்ளி எடை என்று இரண்டும் வேண்டும். இந்தக் கொலுசில் அவை இல்லை. அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

‘சுத்த வெள்ளி’ என்பதில்தான் அதிகச் சிக்கல்.

சுத்த வெள்ளி மிருதுவானது. அதில் மெல்லிய கம்பி இழுத்துக் கொலுசு செய்தால் நடக்க நடக்க வளையங்கள் நீளும், அறுந்துபோகும். அதனால் செம்பு சேர்ப்பார்கள். நூறில் எத்தனை பங்கு வெள்ளி என்பதைச் சேலத்துப் பட்டறைகளில் ‘டச்’ என்பார்கள். 80 டச் என்றால் நூறு கிராமில் எண்பது கிராம் வெள்ளி. மோதிரம், வளையல் வாங்கும்போது காதில் விழும் ‘925’ என்பது ஆயிரத்தில் 925 பங்கு, அதாவது 92.5 டச். ஆகவே கொலுசு விற்பவர் ‘சுத்த வெள்ளி’ என்று எழுதினால் அவர் கலப்படம் செய்தார் என்று அர்த்தமில்லை. சொல்ல வேண்டிய எண்ணைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணில்தான் காசு இருக்கிறது.

எண்ணைக் கண்டுபிடிப்பதும் நினைப்பதுபோல் எளிதில்லை. நம் விற்பனையாளர் பட்டறையில் கேட்டபோது வந்த பதில், “எண்பது டச் வெள்ளி உருக்கித்தான் கம்பி இழுத்தேம்மா” என்பது. சொன்னவர் அவருடைய மாமா. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கம்பி மட்டுமே கொலுசு ஆகிவிடாது. ஒவ்வொரு வளையத்தின் வாயையும், ஒவ்வொரு சலங்கையின் காதையும் பற்றவைக்க வேண்டும். அதற்கு வைக்கும் பொடி, கம்பியைவிடக் குறைந்த சூட்டில் உருகியாக வேண்டும். இல்லாவிட்டால் பொடியோடு சேர்ந்து கம்பியும் உருகி ஓடிவிடும். சீக்கிரம் உருகுவதற்காகப் பொடியில் செம்பும் துத்தநாகமும் கூடுதலாக இருக்கும், வெள்ளி குறைவாக இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 62 கிராம் கொலுசில் 57 கிராம் கம்பியும் சலங்கையும், 5 கிராம் பொடி என்று வைத்துக்கொள்வோம். 57 கிராமில் 80 டச் வீதம் 45.6 கிராம் வெள்ளி. பொடி 60 டச் என்றால் 5 கிராமில் 3 கிராம் வெள்ளி. ஆக மொத்தம் 48.6 கிராம். அதை 62-ஆல் வகுத்தால் சுமார் 78 டச். கம்பி எண்பது, கொலுசு எழுபத்தெட்டு. இணைப்புகள் அதிகமுள்ள டிசைனில் இந்த இறக்கம் இன்னும் கூடும். ஒரே பட்டையாக அடித்த காப்பில் ஏறக்குறைய இருக்காது. வாங்குபவர் கைக்குப் போவது கொலுசு என்பதால், எழுத வேண்டியதும் 78 தான்.

சரி, கடைத்தெருவில் மெஷினில் வைத்து டச் பார்த்துவிடலாமே என்று தோன்றும். பார்க்கலாம், ஆனால் அந்த எக்ஸ்ரே மெஷின் மேல்தோலை மட்டுமே படிக்கும். பற்றவைத்த கொலுசு கறுத்துப்போய் வரும். அதை வெளுக்க அமிலத்தில் போடுவார்கள். அமிலம் மேற்பரப்பிலுள்ள செம்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும், வெள்ளி அப்படியே நிற்கும். ஆகவே புதுக் கொலுசின் மேல்தோலில் உள்ளே இருப்பதைவிட வெள்ளி அதிகம். மெஷின் அதைப் படித்து, உண்மையைவிட உயர்ந்த எண்ணைக் காட்டக்கூடும். பட்டறைக்காரர்கள் சந்தேகம் வந்தால் ஓரத்தில் அரத்தால் லேசாக உரசிவிட்டு அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பது இதனால்தான். பொடியும் கம்பியும் சேர்ந்த சராசரி எண் வேண்டுமென்றால் அதற்கும் மேலே போக வேண்டும். ஒரே மாதிரி செய்த பத்து ஜோடியில் ஒன்றிலிருந்து துண்டு வெட்டி, உருக்கி, அந்தக் கட்டியைச் சோதிப்பார்கள். ஒரு துண்டு போனாலும், மீதி ஒன்பதுக்கும் நம்பிச் சொல்லக்கூடிய எண் கிடைத்துவிடும்.

இங்கே ஹால்மார்க் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கத்துக்கு ஹால்மார்க் கட்டாயம், வெள்ளிக்கு இன்னும் விருப்பத்தின் பேரில்தான். 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் வாங்கும் வெள்ளி நகைகளுக்கும் எச்.யு.ஐ.டி. எனும் ஆறு எழுத்து எண் அடையாளம் வந்திருக்கிறது. அதை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டு வாங்குபவரே சரிபார்த்துக்கொள்ளலாம். வெள்ளிக்கான தரங்களில் மிகக் கீழானது 800, அதாவது 80 டச். நம் கொலுசு 78-இல் நிற்பதால் அதற்கு ஹால்மார்க் கிடைக்காது. கிடைக்க வேண்டுமானால் கம்பியின் டச்சை உயர்த்தி, பொடி போட்ட பிறகும் 80-க்குக் கீழே இறங்காதபடி மாமா முன்கூட்டியே கணக்குப் பண்ணி உருக்க வேண்டும். அதுவரை ‘78 டச், ஹால்மார்க் இல்லை’ என்று எழுதுவதுதான் நேர்மை. இப்படி எழுதினால் யார் வாங்குவார்கள் என்ற பயம் எல்லா விற்பனையாளருக்கும் உண்டு. அடுத்து வரும் விலைக் கணக்கைப் பார்த்தால் அந்தப் பயம் பாதி குறையும்.

‘விலைக்கு மெசேஜ் பண்ணுங்க’ என்ற வரியைத் தொடர்ந்து வியாபாரம் செய்பவர் எழுதவே கூடாது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், ஆன்லைனில் விற்கும் பொருளின் மொத்த விலையை ஒரே தொகையாகவும், அது எப்படி வந்தது என்ற பிரிவுகளோடும் காட்டச் சொல்கின்றன. பழைய கொலுசை ஒரே ஒரு தடவை விற்பவருக்கு இது பொருந்தாது. ஆனால் வீட்டிலிருந்து விற்றாலும், மாதாமாதம் விற்பவருக்குப் பொருந்தும்.

கிராம் 200 ரூபாய் என்று ஒரு விலையை வைத்துக்கொண்டு இந்தக் கொலுசுக்குப் பிரித்து எழுதுவோம். கடை வாசலில் எழுதிப் போடும் கிராம் விலை சுத்த வெள்ளிக்கானது. 62 கிராமில் 78 டச் வீதம் வெள்ளி 48.36 கிராம். அதன் விலை 9,672 ரூபாய். கூலி கிராமுக்கு 30 ரூபாய் வீதம் 62 கிராமுக்கு 1,860 ரூபாய். இரண்டும் சேர்ந்து 11,532. இதன்மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 345.96. மொத்தம் 11,878 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சிறு விற்பனையாளர் அந்த மூன்று சதவீதத்தைக் கேட்கவே முடியாது. அவர் பட்டியல் 11,532-இல் முடிந்துவிடும்.

இதே கொலுசை இன்னொருவர் ‘கூலி இல்லை, சேதாரம் இல்லை’ என்று விளம்பரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் டச் சொல்லமாட்டார். முழு 62 கிராமுக்கும் சுத்த வெள்ளி விலையைப் போடுவார். 62 பெருக்கல் 200, 12,400. ஜி.எஸ்.டி.யோடு 12,772. கூலி வாங்காதவரிடம் 894 ரூபாய் கூடுதலாகப் போகிறது. கொலுசிலிருக்கும் பதின்மூன்றரை கிராமுக்கு மேலான செம்பும் துத்தநாகமும் அங்கே வெள்ளி விலைக்குப் போகின்றன. கூலி அதற்குள் ஒளிந்திருக்கிறது. டச்சை எழுதி, கூலியையும் எழுதும் பெண்ணின் பட்டியல் பார்க்க விலை கூடியதுபோல் தெரியும். கூட்டிப் பார்த்தால்தான் குறைவு என்பது புரியும். ஆகவே அவர் கூட்டிக் காட்டியே ஆக வேண்டும்.

எந்தத் தேதி விலை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். 2025-இல் மட்டும் வெள்ளி இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்த மாதிரி ஆண்டில் மூன்று மாதத்துக்கு முன் போட்ட விலையைப் பார்த்து ஆர்டர் வந்தால் விற்பவருக்குக் கைநஷ்டம். பணம் கட்டும் நாளின் விலை என்று முன்பே எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் பேச்சு வராது. திரும்ப வாங்கிக்கொள்வதானால் அதையும் டச் கணக்கிலேயே சொல்ல வேண்டும். பழைய கொலுசைக் கொடுக்கும்போது 78 டச் வெள்ளிக்குத்தான் மதிப்பு, கூலி திரும்பாது.

‘எல்லாக் காலுக்கும் பொருந்தும்’ என்ற வரிக்கு வருவோம். பெரியவர்கள் கொலுசு பெரும்பாலும் பத்து, பத்தரை இஞ்சில் செய்யப்படுகிறது. பதினொன்று கேட்பவர்களும் உண்டு. தவறு நடப்பது அளவெடுக்கும் விதத்தில். வாங்குபவர் கணுக்காலுக்கு மேலே, கால் மெலிந்திருக்கும் இடத்தில் நூலைச் சுற்றி ஒன்பது இஞ்ச் என்கிறார். விற்பவர் ஒன்பதரை அனுப்புகிறார். ஆனால் கொலுசு அங்கே நிற்காது, கணுவெலும்பைத் தாண்டிப் புறங்காலில் சரிந்து விழும். அந்த இடத்தின் சுற்றளவு பெரியது. கொலுசு எலும்பின் மேலேயே இறுகி நின்று, மாலைக்குள் தோலில் தடம் பதித்துவிடும். கொலுசு படிய வேண்டிய இடத்தில், கணுவெலும்புக்குக் கீழே, நூலைத் தளர்வாகச் சுற்றி, அந்த நூலை ஸ்கேலில் வைத்து அளக்கச் சொல்ல வேண்டும். அதோடு அரை இஞ்ச் கூட்டினால் போதும். பட்டியலில் நீளத்தை எழுதும்போது கொக்கி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் எழுத வேண்டும். கொக்கியே அரை இஞ்ச் வரை இழுக்கும்.

குழந்தைக் கொலுசுக்கு நீளத்தோடு இன்னொன்றும் உண்டு. வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்குச் சலங்கை உதிர்ந்தால் ஆபத்து. உதிரியாகத் தொங்கும் சலங்கை உள்ளதா இல்லையா என்பதைத் தாய் கேட்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்.

கொக்கியா திருகாணியா என்பதையும் பலர் எழுதுவதில்லை. கொலுசு தொலைவது அறுந்து அல்ல, பெரும்பாலும் கழன்றுதான். திருகாணி நடக்க நடக்கத் தளரும், அதனால்தான் நம் வீடுகளில் அதன்மேல் நூல் சுற்றிவிடுவார்கள். கொக்கி தேய்ந்தால் வாய் விரியும். எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு நெருக்கமான படம் வேண்டும். சத்தத்துக்குப் படம் போதாது. ‘இனிய ஓசை’ என்று எழுதுவதைவிட, ஒரு கொலுசுக்கு எத்தனை சலங்கை என்ற எண்ணும், நடந்து காட்டும் பத்து விநாடி வீடியோவும் பயன்படும். ஆபீசுக்குச் சத்தமில்லாத கொலுசு தேடுபவரும், நிறையச் சத்தம் வேண்டும் என்று தேடுபவரும் அதைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார்கள்.

படத்துக்கு வெள்ளி பிடிவாதமான பொருள். அது கண்ணாடி மாதிரி, எதிரில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பித்தளைபோல் தெரியும், ஃபிளாஷ் போட்டால் வெள்ளைத் திட்டாக வெளுத்துவிடும். ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு, அதன் வழியே வரும் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத்தாளில் கொலுசை வைத்து எடுத்தால் வேலைப்பாடு தெளிவாக வரும். இரண்டாவது படம் தராசின் மேல், எண் தெரியும்படி. மூன்றாவது படம் காலில்.

‘கறுக்காது’ என்பது எழுதக்கூடாத வாக்குறுதி. காற்றிலும் வியர்வையிலும் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் கறுப்புப் படலம் வரும். செம்பு அதிகமுள்ள குறைந்த டச் கொலுசில் அது சீக்கிரம் வரும். விற்பவர் வீட்டிலேயே கறுக்கும் கொலுசுகளும் உண்டு. அதற்கு எளிய காரணம், ஜோடியைச் சேர்த்துக் கட்டிய ரப்பர் பேண்ட். ரப்பரில் கந்தகம் இருக்கிறது, பேண்ட் பட்ட இடத்தில் கோடுபோல் கறுப்பு விழும். நூலால் கட்டி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. வாங்கியவருக்குச் சொல்ல வேண்டியது: பூந்திக்கொட்டைத் தண்ணீரிலோ மிதமான சோப்பிலோ மிருதுவான பிரஷ் வைத்துத் தேய்த்து, துடைத்து ஈரம் போகக் காயவைக்கலாம். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீரில் வைத்தால் கறுப்பு நன்றாகப் போகும். ஆனால் வேலைப்பாட்டின் பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பேற்றிய ‘ஆக்சிடைஸ்’ கொலுசுக்கு அதைச் செய்யக்கூடாது. அந்த அழகுக் கறுப்பும் இதே சேர்மம்தான், அதுவும் சேர்ந்து போய்விடும்.

கடைசியாகக் ‘கைவேலை’. சேலத்துக் கொலுசில் கம்பியை மெஷின் இழுக்கிறது, சலங்கையின் பாதிக் குமிழ்களை அச்சு அடிக்கிறது. கோப்பது, பற்றவைப்பது, கொக்கி பொருத்துவது கையால். இப்படியே பிரித்து எழுதுவது ‘கைவேலைப்பாடு மிக்க’ என்பதைவிட நம்பிக்கை தருகிறது. வாங்குபவர் எதற்குக் கூலி கொடுக்கிறார் என்பதும் அதிலேயே விளங்கிவிடும்.

இத்தனையும் சேர்த்து அந்தப் பெண்ணின் பட்டியல் இப்போது இப்படி இருக்கிறது:

“சலங்கைக் கொலுசு, ஒரு ஜோடி. ஜோடி எடை 62 கிராம் (30.850 + 31.150). கல், எனாமல் இல்லை. 78 டச் வெள்ளி, உருக்கிச் சோதித்தது. ஹால்மார்க் இல்லை. நீளம் கொக்கி சேர்த்து 10.5 இஞ்ச். ஒரு கொலுசுக்கு 14 சலங்கை, சத்தம் வீடியோவில். கம்பியும் சலங்கைக் குமிழும் மெஷினில், கோத்துப் பற்றவைத்தது சேலத்தில் எங்கள் வீட்டில், கையால். வெள்ளி 48.36 கிராம் × 200 = 9,672. கூலி 62 × 30 = 1,860. ஜி.எஸ்.டி. 346. மொத்தம் 11,878 ரூபாய். பணம் கட்டும் நாளின் வெள்ளி விலைப்படி மாறும். நாளாக நாளாகக் கறுக்கும். சுத்தம் செய்யும் முறை உள்ளே எழுதி வைத்திருக்கிறோம். வந்த ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்.”

இதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்கிறார்: “அக்கா, எனக்குப் பதினொன்று இஞ்ச் வேணும். எவ்வளவு கூடும்?” பத்தரை இஞ்சில் இரண்டு கொலுசு, மொத்தம் 21 இஞ்சுக்கு 62 கிராம். இஞ்சுக்கு ஏறக்குறைய 3 கிராம். இரண்டிலும் அரை அரை இஞ்ச் கூட்டினால் ஒரு இஞ்ச், ஆகவே ஜோடி சுமார் 65 கிராம் வரும். வெள்ளி 10,140, கூலி 1,950, வரி 362.70. அந்தப் பெண் பதில் எழுதுகிறார்: “சுமாரா 12,453 ரூபாய் வரும்ங்க. செஞ்சு முடிச்சதும் தராசுல வெச்சுப் படம் அனுப்புறேன், அந்த எடைக்கு மட்டும் கட்டுங்க.”